வங்கிக்கு ஒரு கடிதம், அதற்கு முன் ஒரு கணக்கு

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தது. ஆர்டர் குறைந்தால் ஷிப்ட் குறையும், ஷிப்ட் குறைந்தால் சனிக்கிழமைச் சம்பளமும் குறையும். மாதத் தவணை மட்டும் அதே தேதியில் வந்து நிற்கும்.

உதாரணத்துக்கு, மாதம் 34,000 ரூபாய் சம்பாதித்துவந்த 38 வயது கட்டிங் மாஸ்டர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டுக் கடனில் 12 லட்சம் பாக்கி இருக்கிறது. வட்டி 9 சதவீதம், இன்னும் 10 ஆண்டு ஓட வேண்டும், தவணை 15,201 ரூபாய். இவர் வங்கிக்குப் போய், "வருமானம் குறைஞ்சிருச்சு சார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று கேட்டால் மேலாளரால் எதுவும் செய்ய முடியாது. எவ்வளவு கட்ட முடியும் என்ற எண் கடிதத்தில் இருந்தால்தான், அந்தக் கோரிக்கையை அவர் மேலதிகாரிக்கு அனுப்ப முடியும்.

அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசி ஆறு மாதச் சம்பளத்தை வரிசையாக எழுத வேண்டும். இவருக்கு வந்தவை 19,500, 24,000, 17,500, 21,000, 18,500, 22,500. கூட்டி ஆறால் வகுத்தால் 20,500. மனைவி வீட்டில் தைத்துக் கொண்டுவரும் 4,000 ரூபாயைச் சேர்த்தால் 24,500. செலவுப் பக்கத்தில் மளிகை, பால், கேஸ் 7,000, பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 1,500, அம்மாவின் மருந்து 1,000, பெட்ரோல் 1,500, கரண்ட் பில்லும் போனும் 1,000. ஆக 12,000 போக மிஞ்சுவது 12,500.

அப்படியானால் 12,500 கட்டுகிறேன் என்று எழுதிவிடலாமா? கூடாது. சராசரி என்பது ஏமாற்றும். 17,500 மட்டுமே வந்த மாதத்தில் கையில் மிஞ்சியது 9,500தான். அந்த மாதமே தவணை தவறிவிடும்.

கீழேயும் ஓர் எல்லை உண்டு, பலர் கவனிக்காதது அதுதான். 12 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 9,000 ரூபாய். 8,000 கட்டுகிறேன் என்று கேட்டால் கடன் குறையாது, மாதாமாதம் வளரும். அப்படியான கோரிக்கையை வங்கி சாதாரணமாக ஏற்காது, ஏற்றாலும் இவருக்கு நஷ்டம்.

ஆக, எண் 9,000க்கு மேலே, 12,500க்குக் கணிசமாகக் கீழே இருக்க வேண்டும். மீதமுள்ள காலத்தை 20 ஆண்டாக நீட்டினால் தவணை 10,797 ஆகிறது. சராசரி மாதத்தில் 1,700 ரூபாய் மிஞ்சும். அதைத் தொடாமல் வைத்தால், மோசமான மாதத்தில் விழும் 1,300 ரூபாய் துண்டை அதுவே அடைக்கும். கடன் முடியும்போது வயது 58. இதுதான் இவர் கேட்க வேண்டிய எண்.

கடிதம் ஒரு பக்கம் போதும். "2025 செப்டம்பர் முதல் என் வருமானம் 34,000லிருந்து சராசரியாக 20,500 ஆகக் குறைந்துள்ளது. தற்போதைய தவணை 15,201 ரூபாயைத் தொடர்ந்து செலுத்த இயலவில்லை. கடன் காலத்தை 240 மாதங்களாக நீட்டித்து, தவணையை 10,797 ரூபாயாக மாற்றித்தரக் கேட்டுக்கொள்கிறேன்." மேலே கடன் கணக்கு எண், தேதி. பின்னால் வரவு செலவுக் கணக்கு, சம்பளச் சீட்டு, ஆறு மாத பாஸ்புக் நகல்.

இந்த நிவாரணத்துக்கு விலை உண்டு. பழைய கணக்கில் இனிக் கட்ட வேண்டிய வட்டி சுமார் 6.24 லட்சம், புதிய கணக்கில் சுமார் 13.91 லட்சம். வருமானம் மீண்டதும் கூடுதலாகக் கட்டி அசலைக் குறைப்பதே வழி. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. இன்னொன்று, நெருக்கடியால் மறுசீரமைக்கப்பட்ட கடன் என்ற விவரம் கடன் அறிக்கையில் பதிவாகும், கணக்கின் தரமும் இறங்கலாம். எப்படிப் பதிவு செய்வார்கள் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டும்.

தள்ளிப்போடுவது அதைவிட மோசம். பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். முதல் தவணை தவறுவதற்கு முன்பே எழுதுவது நல்லது.

மறுசீரமைப்பை ஏற்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. அந்த முடிவை எதிர்த்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. ஆனால் முறையாகப் புகார் கொடுத்தும் 30 நாள் வரை பதிலே வரவில்லை என்றால் போகலாம். அப்போது முதலில் தேவைப்படுவது, கடிதம் கொடுத்த அன்று வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்ட நகல்தான்.