அந்த வட்டியை யார் கட்டினார்கள்?

2021-ல், மகளோட காலேஜுக்குச் சேர்த்த பணத்தை என்ன செய்யலாம்னு யோசித்துக்கொண்டிருந்தேன். பேங்க்கில் ஒரு சதவீத வட்டிகூடக் கிடைக்கவில்லை. மைத்துனர் தன் போனில் ஒரு கிரிப்டோ ஆப்பைக் காட்டினார். "டாலரைக் காயினா மாத்திப் போட்டா வருஷத்துக்கு 8 சதவீதம், அத்தான். வாராவாரம் வட்டி வருது."

பக்கத்தில் இருந்த அப்பா, ஊரில் ஒரு சீட்டுக் கம்பெனியில் பணத்தை விட்டவர். "அந்த வட்டியை யார் கட்டறாங்க?" என்று மட்டும் கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. அதனால் நான் போடவில்லை.

அடுத்த வருஷம் செல்சியஸ் நெட்வொர்க் என்ற அமெரிக்கக் கம்பெனி விழுந்தபோதுதான் பதில் புரிந்தது. அது 17 சதவீதம் வரை வட்டி தருவதாகச் சொன்ன கம்பெனி. மக்கள் போட்ட காயின்களை அது வர்த்தக நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்தது. சிலருக்குப் போதிய அடமானம் இல்லாமலே. மிச்சத்தை வேறு கிரிப்டோ திட்டங்களில் போட்டது. கிடைத்த வருமானம்தான் வட்டியாக வரவேண்டும். ஆனால் நீதிமன்றம் நியமித்த ஆய்வாளர், கம்பெனி வட்டியைத் தன் வருமானத்தைப் பார்த்து வைக்கவில்லை, போட்டியாளர்களை முந்தவே வைத்தது என்று கண்டறிந்தார். ஒரு கணக்குக்கு, 10,000 டாலருக்கு 800 வட்டி சொல்லிவிட்டு 500தான் சம்பாதித்தால், மீதி 300 எங்கிருந்து வரும்? கடைசியில் அது போட்டவர்கள் பணத்திலிருந்துதான் போகும்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் ஈதர் காயினில் ஒரு பெரிய பங்கு, உடனே திருப்பி எடுக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தது. 2022 மே மாதம் டெர்ரா காயின் சரிந்ததும், பயந்துபோய் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்டார்கள். ஜூன் 12 அன்று செல்சியஸ் பணம் எடுப்பதை நிறுத்தியது. ஒரு மாதத்தில் திவால் மனு போட்டது. கணக்கில் சுமார் 120 கோடி டாலர் பள்ளம்.

அதைவிடப் பெரிய அடி 2023 ஜனவரியில். வட்டிக் கணக்குகளில் இருந்த சுமார் 420 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் கம்பெனிக்கே சொந்தம் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். காரணம், 'ஒப்புக்கொள்கிறேன்' என்று எல்லோரும் அழுத்திய விதிமுறையில் அப்படித்தான் எழுதியிருந்தது. பணம் போட்டவர்கள் திவால் வரிசையில் நிற்கும் கடன்காரர்கள் ஆனார்கள். பேங்க் டெபாசிட்டுக்கு இருக்கும் அரசு காப்பீடும் இல்லை. நிறுவனர் அலெக்ஸ் மஷின்ஸ்கி மோசடியை ஒப்புக்கொண்டு, 2025-ல் 12 வருஷ சிறைத் தண்டனை பெற்றார்.

இப்போது யாராவது இப்படி ஒரு ஆப்பைக் காட்டினால், முதலில் விதிமுறையில் 'உரிமை' பற்றிய பத்தியைத் தேடுவேன். போட்ட காயின் அவர்களுக்குச் சொந்தமாகிறது என்று இருந்தால், அது சேமிப்பு இல்லை. முன்பின் தெரியாதவருக்கு அடமானம் இல்லாமல் நாம் கொடுக்கும் கடன். அதற்கப்புறம் அப்பாவோட கேள்வி.