காலையில் ஏன் இந்தச் சிக்கு?

காலை மணி 5.30. பள்ளிப் பேருந்து வருவதற்கு இன்னும் 40 நிமிடங்களே இருக்கின்றன. இடுப்பளவு சுருள் கூந்தல் கொண்ட மாணவி ஒருத்தி, கண்ணாடியின் முன் நின்று சீப்போடு போராடிக்கொண்டிருக்கிறாள். இழுக்க இழுக்க வலிக்கிறது. சீப்பின் பற்களில் முடி கொத்தாகச் சிக்கியிருக்கிறது. அதைப் பார்த்ததும் அவள் கண்கள் கலங்குகின்றன.

“அம்மா, எனக்கு முடி கொட்டுகிறது!”

மகளின் கவலை தாயையும் தொற்றிக்கொள்கிறது. முடி உதிர்வதைத் தடுக்கும் எண்ணெய் எது என்று தேடத் தொடங்குகிறார். வார இறுதியில் வீட்டுக்கு வந்த அத்தை, சிகை அலங்கார நிலையம் நடத்துபவர். அவர் எண்ணெய் எதையும் பரிந்துரைக்கவில்லை. சீப்பில் இருந்த முடிகளை எடுத்து, ஒரு கறுப்புத் தாளின் மேலும் வெள்ளைத் தாளின் மேலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

“இதைப் பாரம்மா. இந்த நீளமான முடிகளின் ஒரு முனையில் வெள்ளையாக ஒரு சிறு குமிழ் தெரிகிறதா? இவை வேரிலிருந்து உதிர்ந்தவை. இந்தக் குட்டையான முடிகளில் அந்தக் குமிழே இல்லை. இவை நடுவில் அறுந்தவை.”

இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. நம் தலையிலிருந்து ஒரு நாளில் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. அவற்றின் இடத்தில் புதிய முடி முளைக்கும். ஆனால், குமிழ் இல்லாத குட்டை முடிகள் நோயினால் உதிர்ந்தவை அல்ல, இழுபட்டு அறுந்தவை. அந்த மாணவியின் சீப்பில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையே. அவை ஏன் அறுந்தன என்பதை அறிய, அவள் உறங்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரு முடியின் மேற்பரப்பு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், அது உண்மையில் நுண்ணிய செதில்களால் ஆனது. கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதைப் போல, அச்செதில்கள் முடியின் நுனியை நோக்கி அடுக்கப்பட்டுள்ளன. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நீளமான முடி ஒன்றை எடுத்து, இரு விரல்களுக்கிடையே வைத்து வேர்ப்பக்கத்திலிருந்து நுனிவரை உருவுங்கள். எளிதில் வழுக்கிச் செல்லும். பின்னர் நுனியிலிருந்து வேர்ப்பக்கம் நோக்கி உருவுங்கள். சற்றுச் சொரசொரப்பாக இருக்கும்.

தலைமுடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால், 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனிக்கு ஏறத்தாழ 5 வயது ஆகிறது. ஐந்து ஆண்டுகளாகச் சீப்பு, துண்டு, வெயில், தலையணை ஆகியவற்றால் தேய்ந்த நுனியில் செதில்கள் உடைந்தும் தூக்கிக்கொண்டும் இருக்கும். அதனால்தான் சிக்கு எப்போதும் நுனிப்பகுதியில் அதிகமாக விழுகிறது.

விரித்துவிட்ட கூந்தலோடு படுக்கும்போது, தலையின் எடை முடியைத் தலையணையோடு அழுத்துகிறது. நாம் புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் முடிகள் வெவ்வேறு திசைகளில் தள்ளப்படுகின்றன. ஒன்றின் செதில் மற்றொன்றைப் பற்றிக்கொள்கிறது. அன்று உதிர்ந்த முடிகளும் வெளியே விழாமல் மற்ற முடிகளைச் சுற்றிக்கொள்கின்றன. விடியும்போது அவை முடிச்சாகிவிடுகின்றன. அவசரத்தில் அதைச் சீப்பால் இழுக்கும்போது முடி அறுகிறது. சுருள் முடி வளைந்து வளைந்து செல்வதால், நேரான முடியைவிட எளிதில் பின்னிக்கொள்ளும்.

இந்த உராய்வைக் குறைக்க முதலாவது வழி, தலையணை உறையை மாற்றுவது. பருத்தி நூல், சில சென்டிமீட்டர் நீளமே உள்ள இழைகளை முறுக்கித் திரிக்கப்படுவது. அவ்விழைகளின் முனைகள் துணியின்மேல் நுண்ணிய பஞ்சுபோல நீட்டிக்கொண்டிருக்கும். பட்டுப்புழு நூற்கும் இழையோ நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்திற்கு அறுபடாமல் வரும். ஆகவே, பட்டுத் துணியின்மேல் முடி தடையின்றி வழுக்குகிறது.

பட்டு உறை விலை அதிகம். அதற்கு மாற்றாகச் சாட்டின் உறையைப் பயன்படுத்தலாம். சாட்டின் என்பது இழையின் பெயரன்று. ஒரு வகை நெசவின் பெயர். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாட்டின் பெரும்பாலும் பாலியெஸ்டரால் ஆனது. அதுவும் வழவழப்பாகவே இருக்கும். ஆனால், வெப்பமான இரவில் வியர்வையை அவ்வளவாக உறிஞ்சாது.

எனினும், உறையை மட்டும் மாற்றினால் பாதிப் பயன்தான் கிடைக்கும். துணிக்கும் முடிக்கும் இடையே உள்ள உராய்வை உறை குறைக்கும்; முடிக்கும் முடிக்கும் இடையே நேரும் பின்னலைத் தடுக்காது. அதற்கு உதவுவது இரண்டாவது வழியான தளர்வான சடை. “விளக்கு வைக்கும் முன்னே தலையைப் பின்னிவிடு” என்று பாட்டிமார் சொல்வதை நம் வீடுகளில் கேட்டிருப்போம். பின்னிய கூந்தலில் முடிகள் ஒரே திசையில், வரிசை கலையாமல் இருக்கும். வெளிப்புறத்தில் உள்ள முடிகள் மட்டுமே தலையணையில் உரசும்.

அத்தை அம்மாணவிக்குச் செய்து காட்டிய முறை இதுதான். முதலில், கூந்தல் நன்கு உலர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். ஈர முடி எளிதில் நீண்டு அறுந்துபோகும். ஈரத்தோடு பின்னினால் உள்ளே காயாமல் வாடையும் அரிப்பும் ஏற்படலாம். பிறகு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே சென்று சிக்கெடுத்தார். நுனிப்பகுதியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவினார். கழுத்துக்குக் கீழே தொடங்கி மூன்று கால் சடையாகத் தளர்வாகப் பின்னினார். இறுதியில், ரப்பர் வளையத்திற்குப் பதிலாக மென்மையான துணிப்பட்டையால் முடிந்தார். சடைக்குள் ஒரு விரல் எளிதாக நுழைந்தால் அது சரியான தளர்ச்சி. நெற்றியோரம் இழுபடுவதுபோல் தோன்றினால் அவிழ்த்துவிட்டு மீண்டும் பின்ன வேண்டும். இரவுதோறும் இறுக்கமாகப் பின்னினால், நெற்றியோர முடி வேரோடு பலவீனமடையும்.

பின்ன முடியாத குட்டை முடிக்கும், சுருள் கலையக் கூடாது என்று விரும்புவோருக்கும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. பட்டு அல்லது சாட்டினால் தைத்த உறக்கத் தொப்பியே அது. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடையே இப்பழக்கம் நெடுங்காலமாக உள்ளது. படுக்கையில் எப்படிப் புரண்டாலும் தொப்பி கூந்தலோடு சேர்ந்தே நகரும். காலையில் நெற்றியில் தடம் பதிந்திருந்தால், அதன் ரப்பர் நாடா இறுக்கமாக உள்ளது என்று பொருள். வியர்வை படிவதால் தொப்பியை அடிக்கடி துவைப்பதும் அவசியம்.

இரண்டு வாரங்களுக்குப் பிறகு அத்தை மீண்டும் வந்தார். சீப்பில் இருந்த முடிகளை அதே தாள்களின்மேல் வைத்துப் பார்த்தார்கள். குமிழுள்ள நீள முடிகள் முன்போலவே இருந்தன. சடையோ பட்டுத் துணியோ அவற்றைக் குறைப்பதில்லை. ஆனால், குமிழில்லாத குட்டை முடிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. “வெள்ளைக் குமிழுள்ளவை திடீரென்று மிகுந்தாலோ, தலையில் எங்காவது வழுக்கை விழுந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதற்கு மருத்துவர் தேவையில்லை” என்றார் அத்தை.

மறுநாள் காலை, அம்மாணவி சடையைக் கீழிருந்து அவிழ்த்து, நுனியிலிருந்து சீவினாள். பேருந்து வந்து நின்றபோது, அவள் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள்.