எங்கல்ஃபிங் கேண்டிலை எவ்வளவு நம்பலாம்?

மதியம் 2.40-க்கு எனக்கு போன் செய்தார், டிரேடிங் பழகிக்கொண்டிருக்கும் ஒரு நண்பர். "சார், சப்போர்ட்லயே புல்லிஷ் எங்கல்ஃபிங் வந்துடுச்சு. வாங்கிடட்டுமா?" குரலில் அவசரம் தெரிந்தது. "இன்னும் வரலைங்க, மூன்றரைக்கு மார்க்கெட் முடிஞ்ச பிறகுதான் அந்த கேண்டிலுக்கு உருவம் கிடைக்கும்" என்றேன். தினசரி சார்ட்டில் ஒரு நாளைக்கு ஒரே கேண்டில்தான். கடைசி ஐம்பது நிமிடத்தில் விற்பனை வந்தால், 2.40-க்கு நீளமாக நின்ற பச்சை கேண்டில் பாதியாகச் சுருங்கிவிடும். எங்கல்ஃபிங் என்ற பேச்சுக்கே அப்புறம் இடமிருக்காது.

சார்ட் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு கேண்டில் நான்கு விலைகளைச் சொல்கிறது: தொடக்கம், உச்சம், அடி, முடிவு. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட தடித்த பகுதியை உடல் என்பார்கள். மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகள் திரி. முந்தைய நாளின் சிவப்பு உடலை அடுத்த நாளின் பச்சை உடல் முழுதாக மூடிவிட்டால் அது புல்லிஷ் எங்கல்ஃபிங். நேற்று விற்றவர்கள் இறக்கியதை இன்று வாங்கியவர்கள் மொத்தமாக மீட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். தொடங்கிய விலையிலேயே ஏறத்தாழ முடிந்து, உடல் ஒரு கோடாகச் சுருங்கினால் அது டோஜி. இரு தரப்பும் இழுத்ததில் அன்றைக்கு யாருக்கும் வெற்றியில்லை.

நண்பர் பார்த்துக்கொண்டிருந்த பங்கு 560-லிருந்து இறங்கி வந்திருந்தது. கடந்த நான்கு மாதங்களில் இரண்டு தடவை 478-க்கும் 484-க்கும் நடுவில் நின்று திரும்பியிருந்தது. அதுதான் சப்போர்ட். முந்தைய நாள் 494-ல் தொடங்கி 485-ல் முடிந்த சிவப்பு கேண்டில். அன்று 483-ல் தொடங்கி, 479 வரை போய், கடைசியில் 497-ல் முடிந்தது. சப்போர்ட்டின் மேலேயே எந்தக் குறையும் சொல்ல முடியாத எங்கல்ஃபிங். மேலே 520-ல் ரெசிஸ்டன்ஸ் இருந்தது, போன தடவை ஏறியபோது விலை அங்கேதான் மடங்கியது.

மறுநாள் காலையில் 498-க்கு வாங்கி, சப்போர்ட்டுக்குக் கீழே 476-ல் ஸ்டாப் லாஸ், 520-ல் டார்கெட் என்பது அவருடைய திட்டம். தாளில் எழுதிப் பார்த்தோம். தோற்றால் 22 ரூபாய் போகும், ஜெயித்தால் 22 ரூபாய் வரும். பத்தில் ஐந்து தடவை ஜெயித்தால் கணக்கு நேராகும். டெலிவரியில் வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம் எஸ்.டி.டி. வரி உண்டு. இந்த விலையில் அது மட்டுமே ஒரு பங்குக்கு ஒரு ரூபாய். ஆக லாபம் 21, நஷ்டம் 23. நூற்றுக்கு 52-க்கு மேல் ஜெயிக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு கணக்கு போட்டோம். பேட்டர்ன் எதற்கும் காத்திருக்காமல், முதல் நாளே 485-ல் சப்போர்ட்டை மட்டும் நம்பி ஒருவர் வாங்கியிருந்தால்? ஸ்டாப் லாஸும் டார்கெட்டும் அதேதான். நஷ்டம் 9, வரவு 35. வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் ஐந்தில் ஒரு தடவை ஜெயித்தாலே கிட்டத்தட்ட போட்ட பணம் திரும்பிவிடும்.

நண்பர் உடனே சொன்னார்: "ஆனா சார், எங்கல்ஃபிங் வந்த பிறகு வாங்கினா ஜெயிக்கிற வாய்ப்பு ரொம்ப அதிகமாச்சே!" உண்மைதான். ஆனால் ஏன் அதிகம் என்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். பங்கே வேண்டாம், பூவா தலையா சுண்டுவோம். தலை விழுந்தால் விலை ஒரு ரூபாய் ஏறும், பூ விழுந்தால் ஒரு ரூபாய் இறங்கும். 485-ல் தொடங்கினால், 476-ஐத் தொடுவதற்கு முன் 520-ஐத் தொடும் வாய்ப்பு 44-ல் 9, அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. 498-ல் தொடங்கினால் அதே வாய்ப்பு 44-ல் 22, சரிபாதி. எந்தப் பேட்டர்னும் இல்லாத நாணயத்தில்கூட வெற்றி விகிதம் ஐந்தில் ஒன்றிலிருந்து இரண்டில் ஒன்றாகிவிட்டது. 498 என்பது டார்கெட்டுக்கு 13 ரூபாய் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

எங்கல்ஃபிங்கைப் பற்றிய பெரும்பாலான நம்பிக்கை இந்த இடத்தில்தான் வழுக்குகிறது என்பது என் எண்ணம். பெரிய கேண்டில் வந்த பிறகு டார்கெட் அடிக்கடி அடிக்கிறது என்று பார்க்கிறோம், அந்தப் பெருமையைக் கேண்டிலுக்குக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் அந்த ஏற்றத்தின் விலையை நாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. கேண்டில் எவ்வளவு பெரிதாக, அழகாக இருக்கிறதோ அந்த அளவுக்கு வாங்கும் விலை சப்போர்ட்டை விட்டு விலகும், ஸ்டாப் லாஸ் தூரமாகும். ஆகவே இந்த எங்கல்ஃபிங் ஐந்தில் ஒன்றைத் தாண்டினால் போதாது. நாணயம் தரும் ஐம்பதைத் தாண்ட வேண்டும், வரிக்கும் சேர்த்துத் தாண்ட வேண்டும். பேட்டர்ன் தன் பங்குக்குச் சேர்ப்பது அந்த ஐம்பதுக்கு மேலே உள்ளது மட்டுமே. பல சமயம் அது மெல்லியதாக இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. நியூசிலாந்து ஆய்வாளர்கள் சிலர் டோ ஜோன்ஸ் பங்குகளின் 1992 முதல் 2002 வரையிலான விலைகளில் இந்தப் பேட்டர்ன்களைச் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். தற்செயலாகக் கிடைப்பதைவிட அதிகமாக எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பேட்டர்னை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

டோஜியின் கதை வேறு. அது விலையை எங்கேயும் நகர்த்தாததால் வாங்கும் விலை கெடுவதில்லை. ஆனால் சொல்லும் சேதியும் குறைவு. 2020 மார்ச் மாதத்து நிஃப்டி சார்ட்டைத் திறந்து பாருங்கள். மார்ச் 13 காலையில் சந்தை பத்து சதவீதம் விழுந்து வர்த்தகமே நிறுத்தப்பட்டது. திரும்பத் திறந்த பிறகு 8,555-லிருந்து எழுந்து 9,955-ல் முடிந்தது. முந்தைய நாளின் சிவப்பு உடலை அநேகமாக முழுவதும் மீட்ட, பிரமாண்டமான பச்சை கேண்டில். அதைப் பார்த்து அடிமட்டம் வந்துவிட்டது என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. அடுத்த வர்த்தக நாளே நிஃப்டி 9,200-க்கு வந்துவிட்டது.

மார்ச் 24-ல் 7,848 அளவில் தொடங்கி, 7,511-க்கும் 8,037-க்கும் இடையே அலைந்து, 7,801-ல் முடிந்தது. ஐந்நூறு புள்ளி அலைச்சலில் உடல் ஐம்பது புள்ளிகூட இல்லை, அதாவது டோஜி. அன்று தொட்ட 7,511-தான் அந்தச் சரிவின் அடிமட்டம். மறுநாள் 8,317-ல் முடிந்தது. இதைக் காட்டி டோஜியின் சக்தி என்று பாடம் எடுப்பவர்கள் உண்டு. ஆனால் 2016 டிசம்பரில் நிஃப்டி நின்று திரும்பிய 7,900-ஐ ஒட்டிய சப்போர்ட் அதற்குள் உடைபட்டிருந்தது. முதல் நாள்தான் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ், தேவைப்படும் அளவுக்குப் பத்திரங்களை வாங்குவதாக அறிவித்திருந்தது, உலகச் சந்தைகள் எல்லாமே அந்த வாரம் திரும்பின. பிரமாண்டமான கேண்டில் தோற்றது, சின்னக் கோடு ஜெயித்தது. இரண்டுக்கும் காரணம் கேண்டிலின் உருவத்தில் இல்லை. டோஜி விற்பனை வேகம் அன்று தணிந்ததைக் காட்டியது. அதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. அடுத்த கேண்டில் அதன் உச்சத்தைத் தாண்டி முடிகிறதா, அடியை உடைத்து முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் பக்கம் தெரியும்.

உருவத்தை ஏன் அளவுக்கு மீறி நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், அது நேரத்தை நாம் எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. நண்பர் பார்த்த இரண்டு நாள் கேண்டில்களையும் சேர்த்து ஒன்றாக்கிப் பாருங்கள்: 494-ல் தொடக்கம், 479 அடி, 497-ல் முடிவு. உச்சியில் சின்ன உடலும் கீழே நீளமான திரியுமாக அது 'ஹேமர்' என்ற வேறு பேட்டர்ன் ஆகிவிடும். அதே விலைகள்தான், பெயர் மட்டும் வேறு. டோஜியில் இந்தச் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. நீண்ட காலமாக இருந்துவரும் முறையில் தேசியப் பங்குச் சந்தை அறிவிக்கும் முடிவு விலை, கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் சராசரி. சில சார்ட்டுகள் கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலையை முடிவாகக் காட்டும். இரண்டுக்கும் இரண்டு ரூபாய் வித்தியாசம் வந்தாலே ஒரு சார்ட்டில் டோஜி, இன்னொன்றில் சாதாரண கேண்டில்.

ஆனால் 479 வரை இறங்கிய விலை அங்கே நிற்காமல் திரும்பியது என்பது எப்படி வெட்டினாலும் மாறாது. அதனால்தான் நான் முதலில் இடத்தைப் பார்க்கிறேன், அடுத்து பெரிய டிரெண்ட், அதன் பிறகே கேண்டில். கேண்டிலைக் கையால் மறைத்துக்கொண்டு, இந்த விலையில் இந்தப் பங்கை வாங்க நினைப்பேனா என்று கேட்டுக்கொள்வேன். இல்லை என்று பதில் வந்தால், கையை எடுத்த பிறகு தெரியும் பேட்டர்னுக்காக முடிவை மாற்றமாட்டேன். ஆமாம் என்றால், இன்று வாங்குவதா நாளை வாங்குவதா, ஸ்டாப் லாஸை எங்கே வைப்பது என்ற அளவுக்குக் கேண்டில் உதவும்.

நண்பர் தன் பழைய டிரேடுகளை எடுத்துக் காட்டினார். சப்போர்ட்டில் எங்கல்ஃபிங் பார்த்து வாங்கிய இருபதில் பதின்மூன்று ஜெயித்திருந்தன. சந்தோஷமான எண்தான். ஆனால் நாணயத்தை இருபது தடவை சுண்டினாலும், ஏறக்குறைய எட்டில் ஒரு தடவை பதின்மூன்று அல்லது அதற்கு மேல் தலை விழும். இருபதை வைத்து முடிவு கட்ட முடியாது. நூற்றைம்பது, இருநூறு சேர வேண்டும். கூடவே, பேட்டர்ன் இல்லாமல் அதே மாதிரி சப்போர்ட்டைத் தொட்ட தருணங்களையும் எண்ண வேண்டும். ஒவ்வொன்றிலும் வாங்கும் விலைக்கு ஸ்டாப் லாஸ் எவ்வளவு தூரம், டார்கெட் எவ்வளவு தூரம் என்று எழுதினால், நாணயம் எத்தனை தடவை ஜெயித்திருக்கும் என்பது பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அன்று அவர் 498-க்கு வாங்கவில்லை. எங்கல்ஃபிங் உடலின் நடுவுக்குச் சற்று கீழே, 488-க்கு ஆர்டர் போட்டு வைப்பதென்று முடிவு செய்தார். அங்கே கிடைத்தால் நஷ்டம் 12, வரவு 32. திரும்பி வராமலேயே பங்கு ஓடிவிடலாம், நன்றாக ஏறும் பங்குகள் பெரும்பாலும் அப்படித்தான் ஓடும் என்று சொல்லியிருந்தேன். முதல் நாள் 501, இரண்டாம் நாள் 505. மூன்றாம் நாளும் அவருடைய ஆர்டர் நிறைவேறவில்லை. நோட்டில் அந்த வரிசையில் 'வாங்கவில்லை' என்று எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் 520-க்கும் 476-க்கும் எது முதலில் வரும் என்று நிரப்ப இடம் விட்டு வைத்திருந்தார்.