ஐந்து குழு, ஐந்து ஸ்லைடு

அரைநாள் பயிலரங்குகளில் குழு விவாதம் முடிந்து ஐந்து குழுக்களும் வந்து பேசும்போது, பெரும்பாலும் ஒரே பட்டியலைத்தான் ஐந்து முறை கேட்போம். ‘டெங்குவைத் தடுக்க என்ன செய்யலாம்?’ என்று கேட்டால் விழிப்புணர்வு, தூய்மை, மக்கள் ஒத்துழைப்பு என்றுதான் எழுதுவார்கள். வேறென்ன எழுத முடியும்?

கடைசியில் திரையில் வரவேண்டிய ஸ்லைடை முதலில் வரைந்துவிட்டு, அதற்கேற்ற கேள்வியைத் தேடுவதே நல்லது. வந்திருப்பவர்கள் நகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள், 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஆறு பேராக ஐந்து குழு. அதற்கு மேல் போனால் இரண்டு பேராவது வாயே திறக்க மாட்டார்கள். ஸ்லைடில் மூன்றே வரி: எதை முதலில் செய்வோம், எதைத் தள்ளிவைப்போம், ஏன், எது தெரியவந்தால் முடிவை மாற்றுவோம்.

இனி வேலைத்தாள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தெரு. ஒரு தாளில் இப்படி இருக்கலாம்: வீடுகள் 120, கொசுப்புழு கண்ட தண்ணீர் டிரம் 14, ஃபிரிட்ஜின் பின்தட்டு 9, பழைய டயர் 6, வேலைக்கு இரண்டு பேர், வாரத்தில் ஒரே நாள். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள். அதனால் டிரம்மை வாராவாரம் தேய்த்துக் கழுவியாக வேண்டும். டயரை ஒருமுறை அப்புறப்படுத்தினால் போதும். எண்ணிக்கையைப் பார்த்தால் டிரம், ஆள்பலத்தைப் பார்த்தால் டயர். விவாதம் இங்கேதான் பிறக்கிறது. ‘தள்ளிவைப்போம்’ என்ற வரியைத்தான் காலியாக விடப் பார்ப்பார்கள். மேலதிகாரி முன்வரிசையில் இருந்தால் இன்னும் கஷ்டம். விடக் கூடாது.

இதற்கு 25 நிமிடம் கொடுக்கலாம்: தாளை அவரவர் படிக்க 3, பேச 15, எழுத 7. எழுதும் நேரத்தைத் தனியாக அறிவிக்காவிட்டால் கடைசி நிமிடத்தில் ஒருவர் மட்டும் எதையோ தட்டிக்கொண்டிருப்பார். ஐந்து பக்கங்களையும் ஒரே கோப்பில், மூன்று தலைப்புகளோடு, முன்கூட்டியே போட்டுவைத்தால் பென்டிரைவ் மாற்றும் கூத்து இல்லை. எட்டாவது நிமிடத்தில் ஒரு சுற்று வரவேண்டும். ‘சார், நாங்க என்ன செய்யணும்?’ என்று அப்போதும் ஒரு குழு கேட்டால் தாள் தெளிவாக இல்லை. பத்து நிமிடத்திலேயே முடித்துவிட்டு அரட்டை அடித்தால் கேள்வி எளிதாகிவிட்டது.

காலை ஒன்பதரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும் நிகழ்ச்சியில், அறிக்கை சொல்வதை கடைசியில் வைத்தால் நன்றியுரை அதை விழுங்கிவிடும். குழு வேலையை 11 மணி தேநீருக்கு முன் முடித்து, தேநீர் ஆனதும் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசவிடலாம். அந்த இடைவேளையில் நடத்துபவர் ஐந்து ஸ்லைடுகளையும் படித்துவிட வேண்டும். டிரம்மைத் தேர்ந்தெடுத்த குழுவையும் டயரைத் தேர்ந்தெடுத்த குழுவையும் அடுத்தடுத்து அழைக்க அப்போதுதான் முடியும்.