ராத்திரி ரெண்டு மணி மோட்டாரும் ஒரு பக்கக் கடிதமும்

எங்கள் தளவானூரில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த சத்ருமல்லேஸ்வரம் குகைக்கோயிலைப் பார்க்க வருகிறவர்கள், 'எவ்வளவு அமைதியான ஊர்!' என்பார்கள். பகலில் வந்து போகிறவர்கள்தானே! ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கள் பின்னறையில் படுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பக்கத்து வீட்டு போர்வெல்லுக்கு கம்ப்ரஸர் மோட்டார். அதை எங்கள் சுவரை ஒட்டித்தான் வைத்திருந்தார்கள். ரெண்டு மணிக்கு 'தடதட'வென்று ஆரம்பித்தால் நாலு மணி வரை ஓடும். சுவரோரம்தான் என் மாமியார் கட்டில். பத்து நாளில் அவருக்குப் பகலிலும் தலைசுற்றல்.

மதில் மேல் எட்டிச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அந்த அண்ணன் வேலை முடிந்து வரவே எட்டு மணி ஆகிவிடும். தெருவில் நாலு பேர் முன்னால் சொன்னால், நியாயமான பேச்சுகூட சண்டையாகிவிடும். கடிதம் என்றால் தனியாக உட்கார்ந்து படிக்கலாம், உடனே பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டேன். 'உங்களால் எங்கள் தூக்கமே போச்சு' என்று ஆரம்பித்திருந்தேன். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, அதையும் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி இருந்தால் கடிதம் நோட்டீஸ் ஆகிவிடும். எடுத்துவிட்டேன்.

அப்புறம் ரெண்டு நாள் கவனித்தேன். சுவரில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு நன்றாகத் தெரிந்தது. கொல்லையில் நின்று கேட்டால் சத்தம் அவ்வளவு மோசமில்லை. ஆக, தொந்தரவில் பெரும்பங்கு தரை வழியாகவும் சுவர் வழியாகவும் வருவது. இன்னொன்று, முதல் அரைமணி நேரம்தான் தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு 'புஸ் புஸ்' என்று வெறும் காற்று. போரில் ஊறியிருந்த தண்ணீர் தீர்ந்த பிறகும் மோட்டார் சும்மா ஓடுகிறது!

ராத்திரியில் ஏன் ஓட்டுகிறார்கள்? வோல்ட்டேஜ்தான். எங்கள் ஸ்டெபிலைசரில் மாலை ஏழு மணிக்கு 170 காட்டும். ஆனால், ஒன்பதரைக்கே 210 வந்துவிடுகிறது. ரெண்டு மணி வரை காத்திருக்கத் தேவையில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

'அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம். பத்து நாளாக ராத்திரி ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, மோட்டார் அதிர்வு சுவர் வழியாக எங்கள் பின்னறையில் கேட்கிறது. அத்தை அங்கேதான் படுக்கிறார்கள். தூக்கம் கலைந்தால் மறுபடி வருவதில்லை. இந்தப் பக்கம் இப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. வோல்ட்டேஜ் பிரச்னையால்தான் அந்த நேரம் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன், எங்களுக்கும் அதே பாடுதான்.

ஒன்பதரைக்கு எங்கள் வீட்டில் 210 வருகிறது. அப்போது அரைமணி, காலை ஆறு மணிக்கு அரைமணி என்று ஓட்டிப் பார்க்கலாமா? இடையில் போரில் தண்ணீர் ஊறிவிடும். மோட்டாரை மூன்றடி தள்ளி, அடியில் தடித்த ரப்பர் ஷீட் போட்டால் சுவர் அதிராது. காற்று ட்யூப், ரப்பர் செலவு எங்களுடையது. ஒரு வாரம் பார்ப்போம். தொட்டி நிறையவில்லை என்றால் சொல்லுங்கள், வேறு வழி யோசிக்கலாம். நேரம் கிடைக்கும்போது வந்தால் காபி குடித்துக்கொண்டே பேசலாம். பக்கத்து வீட்டுத் தங்கை.'

கம்ப்ரஸரில் ஒரு வசதி உண்டு. போருக்குள் போவது காற்று ட்யூப் மட்டும்தான். அதை நீட்டினால் மோட்டாரைத் தள்ளி வைத்துவிடலாம். இது தெரியாமல் 'மோட்டாரை மாற்றுங்கள்' என்று எழுதியிருந்தால், அவர்களுக்குப் பெரிய செலவு வைத்திருப்பேன்.

கடிதத்தைப் பையன் கையில் கொடுத்தனுப்பவில்லை. அண்ணியிடம் நானே கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் ஒரு பதிலும் இல்லை, மோட்டாரும் பழைய நேரத்துக்கே ஓடியது. 'இன்னொரு கடிதம் போடு' என்றார் என் கணவர். பொறுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனே எலக்ட்ரீஷியனோடு கொல்லைக்கு வந்து, "எந்த இடம்மா அதிருது?" என்று கேட்டார்.

மோட்டார் நகர்ந்தது. ரப்பரும் போட்டாயிற்று. சுவரில் கை வைத்தால் இப்போது அதிர்வு இல்லை. சத்தம் முழுசாகப் போகவில்லை. காற்றில் வருவதை ரப்பர் தடுக்காதே. ஆனால், ஒன்பதரைக்கு நாங்கள் விழித்திருக்கும் நேரம்தான், பரவாயில்லை. துணி துவைக்கும் வெள்ளிக்கிழமை மட்டும் அவர்களுக்குத் தண்ணீர் போதவில்லை. அன்றைக்கு எங்கள் ஹோஸை மதில் மேலே நீட்டிவிடுகிறோம்.