திரும்பி நிற்கும் கோப்பு எண்

துபாயிலும் ஷார்ஜாவிலும் வேலை பார்த்தவர்களுக்கு ‘டைப்பிங் சென்டர்’ தெரியாமல் இருக்காது. விசா, கடை உரிமம் என எதற்கும் அரபியில் விண்ணப்பம் தட்டித் தரும் சிறு கடைகள் அவை. அப்படியொரு கடையில் ஓர் அலுவலகத்துக்கு அரபியில் மின்னஞ்சல் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டுபவர் ‘கோப்பு’ என்று பொருள்படும் ‘மிலஃப்’ என்ற அரபுச் சொல்லைத் தட்டுகிறார். அடுத்து கோப்பின் எண். அவர் தட்டியது கீழே முதல் வரியில் இருக்கிறது. திரையில் தெரிவது இரண்டாவது வரி.

```
2041-17-305
305-17-2041
```

இலக்கங்கள் தலைகீழாகவில்லை, 2041 என்பது 1402 ஆகிவிடவில்லை. மூன்று தொகுதிகளும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். இதே எண்ணை ஒரு காலிக் கட்டத்தில் தனியாகத் தட்டினால் ஒழுங்காக நிற்கிறது. அரபுச் சொல்லுக்குப் பின்னால் வந்தால் மட்டும் புரண்டுவிடுகிறது. கணினி கெட்டுப்போகவில்லை, எழுத்துருவிலும் கோளாறு இல்லை. கணினி விதிப்படிதான் நடந்திருக்கிறது. அந்த விதியைத் தெரிந்துகொண்டால், அரபியும் ஆங்கிலமும் கலந்த ஆவணங்களில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கணினியின் நினைவில் எழுத்துகளுக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. முன், பின் மட்டுமே உண்டு. எதை முதலில் படிப்போமோ அது முதலில் சேமிக்கப்படுகிறது. அரபியும் அப்படித்தான், ஆங்கிலமும் அப்படித்தான். சேமித்த வரிசையைத் திரையில் எந்தப் பக்கத்திலிருந்து அடுக்குவது என்பதை, காட்டும் நேரத்தில் மென்பொருள் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு யூனிகோடு தரத்தின் ஒன்பதாம் இணைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. துறையில் இருப்பவர்கள் அதைச் சுருக்கமாக ‘பைடி’ என்பார்கள். உலாவிகளும் கைப்பேசிகளும் பின்பற்றுவது அதைத்தான்.

பைடி கணக்கில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு குணம் உண்டு. லத்தீன் எழுத்துகள் தம் திசையைத் தாமே அறிந்தவை. எங்கே வைத்தாலும் இடமிருந்து வலமாகவே போகும். தமிழ் எழுத்துகளும் இதே வகைதான். அரபு எழுத்துகள் எங்கே வைத்தாலும் வலமிருந்து இடமாகப் போகும். இவையெல்லாம் வலுவான குறிகள். இடைவெளி, அடைப்புக்குறி, மேற்கோள்குறி, ஆச்சரியக்குறி போன்றவற்றுக்குச் சொந்தத் திசை கிடையாது. இருபுறமும் ஒரே திசை எழுத்துகள் இருந்தால் அவற்றோடு போகும். இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால், அந்தப் பத்தியின் திசை எதுவோ அதற்குக் கட்டுப்படும்.

ஓடிப்போகும் முற்றுப்புள்ளியின் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலக் கடிதத்தின் நடுவே முழுக்க அரபியில் ஒரு பத்தி தட்டி, கடைசியில் புள்ளி வைக்கிறோம். புள்ளியின் ஒரு பக்கம் அரபு எழுத்து. மறுபக்கம் பத்தி முடிந்துவிட்டது, அங்கே பத்தியின் திசைதான் நிற்கிறது. அந்தத் திசை இன்னும் இடமிருந்து வலமாகவே இருப்பதால், புள்ளி வலது ஓரத்துக்கு, அதாவது அரபு வாக்கியம் தொடங்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. அரபுக் கேள்விக்குறிக்கு மட்டும் இந்த ஆபத்து இல்லை. ஆங்கிலக் கேள்விக்குறியைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும் அந்தக் குறிக்குத் தனி எண் உண்டு. யூனிகோடு அதை வலுவான அரபுக் குறியாகவே வைத்திருக்கிறது. அரபியும் ஆங்கிலமும் பொதுவில் பயன்படுத்தும் முற்றுப்புள்ளிதான் அலைகிறது.

இதற்கு மருந்து பத்தியின் திசையை மாற்றுவது. பலர் செய்வது வேறு. பத்தியை வலது ஓரத்துக்குத் தள்ளும் பொத்தானை அழுத்துகிறார்கள். வரிகள் வலப்புறம் ஒட்டிக்கொள்கின்றன, பார்வைக்கு அரபி ஆவணம் போலவே இருக்கிறது. புள்ளி மட்டும் தவறான இடத்திலேயே நிற்கிறது. ஓரத்தில் ஒட்டுவதும் திசை மாற்றுவதும் ஒன்றல்ல. விண்டோஸ் கணினியில் அரபு விசைப்பலகையைச் சேர்த்திருந்தால், `Ctrl` விசையோடு வலப்பக்க `Shift` விசையை அழுத்தினால் பத்தியின் திசை மாறும். இடப்பக்க `Shift` பழைய திசைக்குக் கொண்டுவரும். திசையை மாற்றிய கணமே புள்ளி தன் இடத்துக்கு வந்துவிடும்.

அதே விதி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். திசை சரியாக இருக்கும் அரபுப் பத்தி `C++` என்று முடிந்தால், கடைசி இரண்டு கூட்டல் குறிகளும் பிரிந்து போய் `++C` என்று நிற்கும். கூட்டல் குறிகளுக்கு ஒரு பக்கம் லத்தீன் எழுத்து, மறுபக்கம் வலமிருந்து இடமாகப் போகும் பத்தியின் முடிவு. இழுபறியில் பத்தி வென்றுவிடுகிறது.

இப்போது கோப்பு எண்ணுக்கு வருவோம். இலக்கங்கள் வலுவானவையும் அல்ல, திசை இல்லாதவையும் அல்ல. அரபியிலும் எண்களை இடப்பக்கம் பெரிய இலக்கமாக, நம்மைப் போலவேதான் எழுதுகிறார்கள். அதனால் ஒரு தொகுதிக்குள் இலக்கங்கள் எப்போதும் இடமிருந்து வலமாகவே நிற்கும். தொகுதிகளுக்கு நடுவே வரும் குறியில்தான் சிக்கல். பைடி இப்படிப் போகிறது: எண்ணுக்கு முன்னால் கடைசியாக வந்த வலுவான எழுத்து அரபு எழுத்தா என்று பார்க்கிறது. ஆம் என்றால், நாம் தட்டிய சாதாரண இலக்கங்களையே ‘அரபு எண்’ என்று கணக்கில் வைத்துக்கொள்கிறது. சாதாரண எண்கள் இரண்டை ஒரு சிறுகோடு ஒட்டவைக்கும். அரபு எண்கள் இரண்டை அது ஒட்டவைக்காது. ஆகவே 2041, 17, 305 மூன்றும் தனித்தனி எண்களாகி, அரபுச் சொற்களைப் போல வலமிருந்து இடமாக வரிசை கட்டுகின்றன.

ஏன் இப்படியொரு விதி? பத்து முதல் இருபது வரை என்பதை 10-20 என்று ஓர் அரபு வாசகருக்கு எழுதுவதாக நினைத்துப் பாருங்கள். அவர் வலமிருந்து படிப்பவர். பத்து வலப்பக்கம் இருந்தால்தான் அவருக்கு அது பத்து முதல் இருபது வரை. விதி அவருக்கு உதவுகிறது. கோப்பு எண்ணோ ஒரு வீச்சு அல்ல. அது ஒரே பெயர். அந்த வித்தியாசம் விதிக்குத் தெரியாது. திரையைப் பார்க்கும் எழுத்தருக்கும் எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்று தெரியாது. அரபு வழக்கப்படி வலமிருந்து தொகுதி தொகுதியாகப் படித்தால் சரியான எண் கிடைக்கும். இடமிருந்து பார்த்து எழுதினால் இல்லாத ஒரு கோப்பின் எண் கிடைக்கும்.

இதே எண்ணைச் சாய்கோடு போட்டு `2041/17/305` என்று எழுதினால் புரளாது. ஒரே வகை எண்கள் இரண்டுக்கு நடுவே சாய்கோடோ, காற்புள்ளியோ, முக்காற்புள்ளியோ ஒன்றே ஒன்றாக வந்தால், அரபு எண்களானாலும் அவை சேர்ந்தே நிற்கும். முன்னால் லத்தீன் எழுத்துகள் ஒட்டிய `AB-2041-17` போன்ற எண்ணும் பிழைக்கும். கடைசி வலுவான எழுத்து அரபியாக இல்லையே. எபிரேயமும் வலமிருந்து எழுதும் மொழிதான், ஆனால் எபிரேயச் சொல்லுக்குப் பின் சிறுகோடு போட்ட எண் புரள்வதில்லை. அந்த விதி எபிரேய எழுத்துக்குப் பொருந்தாது. ஒரே அலுவலகத்தில் சில கோப்பு எண்கள் சரியாகவும் சில புரண்டும் தெரிவதற்கு இவைதான் காரணம்.

சரிசெய்யும் வழி, எண்ணுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைப்பது. `U+200E` என்பது அதன் எண். அகலம் இல்லை, வடிவம் இல்லை. ஆனால் லத்தீன் எழுத்தைப் போல வலுவான திசை உண்டு. பைடி பின்னோக்கிப் பார்க்கும்போது அரபு எழுத்துக்குப் பதிலாக இந்தக் குறியைச் சந்திக்கும், எண் ஒரே துண்டாக நிற்கும். `C++` சிக்கலிலும் அதே குறியைக் கடைசிக் கூட்டலுக்குப் பின் வைத்தால் போதும். 2013-இல் யூனிகோடு இன்னும் நல்ல கருவி ஒன்றைக் கொடுத்தது. `U+2066` திறக்க, `U+2069` மூட; நடுவில் இருப்பது சுற்றுப்புறத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனித் தீவாகிவிடும். இணையப் பக்கம் செய்பவர்களுக்கு இது ஒரே வரி:

```
<bdi dir="ltr">2041-17-305</bdi>
```

டைப்பிங் சென்டர்காரருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவருக்குக் கைவசம் வேறொரு வழி இருக்கிறது, ஆபத்தே அதில்தான். திரையில் புரண்டு தெரிகிறதா, சரி, புரட்டியே தட்டிவிடுவோம் என்று `305-17-2041` எனத் தட்டுகிறார். திரை அதைப் புரட்ட, 2041-17-305 என்று அழகாகத் தெரிகிறது. தாளில் அச்சிட்டால் பிழையே இல்லை. ஆனால் நினைவில் சேமிக்கப்பட்டிருப்பது தவறான எண். அலுவலகத்தில் அதை நகலெடுத்துத் தேடல் கட்டத்தில் ஒட்டுகிறார்கள். அங்கே முன்னால் அரபுச் சொல் இல்லாததால் எண் புரளாமல், சேமித்தபடியே வந்து நிற்கிறது. அப்படியொரு கோப்பு இல்லை என்று பதில் வருகிறது. முற்றுப்புள்ளியைக் கையால் வாக்கியத்தின் முன்னால் நகர்த்தி வைப்பவர்களுக்கும் இதே கதிதான்: பத்தியின் திசையை யாராவது சரிசெய்த அன்று அது மறுபக்கம் தாவும்.

எது பார்வைக் கோளாறு, எது சேமிப்பிலேயே பிழை என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. எண்ணை மட்டும் நகலெடுத்து, இடமிருந்து வலமாக அமைந்த காலி நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே சரியாக இருந்தால் சேமிப்பு சரி; திசைக்குறி சேர்த்தால் போதும். அங்கேயே புரண்டிருந்தால் யாரோ புரட்டித் தட்டியிருக்கிறார்கள். எண்ணை மறுபடி தட்டியாக வேண்டும். வேர்டில் மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. தட்டும்போது விசைப்பலகை எந்த மொழியில் இருந்தது என்பதையும் அது கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அங்கே சரியாகத் தெரிந்த வரி மின்னஞ்சலில் ஒட்டியதும் மாறலாம்.

கண்ணுக்குத் தெரியாத குறிக்கும் ஒரு விலை உண்டு. நகலெடுக்கும்போது அது எண்ணோடு ஒட்டிக்கொண்டே வரும். நம் கோப்பு எண்ணில் சிறுகோடுகளோடு சேர்த்து 11 குறிகள். எக்ஸெலில் `=LEN(A1)` என்று கேட்டு 12 என்று பதில் வந்தால், முன்னாலோ பின்னாலோ ஒரு திசைக்குறி ஒளிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பார்வைக்கு இரண்டு எண்களும் ஒன்றுதான். ஒப்பிடும் கணினிக்கு இரண்டும் வேறு. அதனால் திசைக்குறியை மனிதர் படிக்கும் கடிதத்தில் வைக்கலாம். பட்டியலிலும் தரவுத்தளத்திலும் வைக்கக் கூடாது. அங்கே வெறும் எண் இருக்கட்டும். அதைத் திரையில் காட்டும் பக்கம் திசையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ அரபியும் தமிழும் சேர்த்து நிக்காஹ் அழைப்பிதழ் அச்சிடுபவர்களுக்கும் இதே கணக்குத்தான். தமிழ் எழுத்து லத்தீன் வகையைச் சேர்ந்தது. அரபு வரியின் பின்னால் வரும் தேதியில் சிறுகோடு இருந்தால் அதுவும் புரளும். சாய்கோடு போட்டுவிட்டால் சிக்கலே இல்லை.