ஒயர் முனையில் ஒரு சின்னப் பள்ளம்

எங்கள் ரிப்பேர் கடைக்குத் தொழில் பழக வந்த பையனிடம், பழைய ஒயர்கள் நிறைந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்தேன். "சாமானுக்குள் செருகுற முனையைப் பார்த்துத் தனித்தனியாப் பிரிச்சு வை தம்பி" என்றேன்.

எட்டு வடிவ முனை டேப்ரிக்கார்டருக்கு; மூன்று வட்டம் ஒட்டினாற்போல் இருப்பது லேப்டாப் சார்ஜருக்கு. இவற்றைச் சரியாகப் பிரித்துவிட்டான். ஆனால் மூன்று துளை உள்ள பட்டை முனைகளையெல்லாம் ஒரே குவியலாகப் போட்டுவிட்டான். அங்கேதான் சங்கதி இருக்கிறது!

அவற்றுள் சிலவற்றின் ஓரத்தில், எர்த் துளைக்கு நேர் எதிரே, சின்னப் பள்ளம் இருக்கும். அவை கெட்டில் போலச் சூடாகும் சாமான்களுக்கானவை. முனை 120 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். பள்ளம் இல்லாதவை கம்ப்யூட்டருக்கானவை. தாங்குவது 70 டிகிரிதான்.

சோதித்துப் பார்க்க ஒரு கெட்டிலை எடுத்தவன், "அக்கா, இந்த ஒயர் உள்ளே போகலையே, கத்தியால கொஞ்சம் சீவிடட்டுமா?" என்றான். எனக்குப் பகீரென்றது! கெட்டிலுக்குள் இருக்கும் சின்ன மேடு, தவறான ஒயரைத் தடுக்கத்தானே இருக்கிறது? சீவிச் செருகினால் நாளடைவில் முனை சூட்டில் இளகும், கருகும், தீயும் பிடிக்கலாம்.

பள்ளம் உள்ளதைக் கம்ப்யூட்டருக்குப் போடலாம். கம்ப்யூட்டர் ஒயரைக் கெட்டிலுக்குப் போடக் கூடாது. முனை பழுப்பேறியோ, இளகியோ இருந்தால் எந்தக் குவியலும் வேண்டாம், குப்பைக்குத்தான். அன்று அப்படி மூன்று ஒயர்கள் போயின.

உங்கள் வீட்டுக் கெட்டில் ஒயரையும் ஒருமுறை திருப்பிப் பாருங்களேன்!